காபிக்கு அழைக்கும் முன் அரட்டையை ஒருமுறை திரும்பப் படியுங்கள்

நண்பரின் கல்யாண வரவேற்பில் அறிமுகம். போட்டோ அனுப்புவதற்காக எண் வாங்கிக்கொண்டீர்கள். போட்டோ போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியும் பேச்சு நிற்கவில்லை. உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கிறது, ஒரு நாள் நேரில் பார்க்கலாமா என்று கேட்க ஆசை. அவருக்கும் அப்படித் தோன்றுகிறதா, அல்லது நல்லபடியாக வளர்ந்தவர் என்பதால் மரியாதைக்குப் பதில் போடுகிறாரா? இதை வாட்ஸ்அப் உரையாடலிலிருந்தே ஓரளவு கணிக்கலாம். ஓரளவுதான். இப்போதுதான் இப்படிப் பேசத் தொடங்கியிருக்கும் வயது வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முன்னதாக ஒரு விலக்கு. அவர் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவராகவோ, உங்களிடம் படிப்பவராகவோ, உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவராகவோ இருந்தால் கீழே சொல்வது எதுவும் செல்லாது. அந்த இடத்தில் இருப்பவர் பதிலை நீளமாகவும் சிரித்த முகத்தோடும் அனுப்பித்தான் ஆக வேண்டும். அதில் விருப்பத்தைப் படிக்க வழியே இல்லை.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழியுங்கள்

அரட்டையை மேலேயிருந்து கீழே வரை ஒரே மூச்சில் படியுங்கள். உங்கள் மெசேஜ்களை வேகமாகத் தாண்டிவிட்டு அவருடையதை மட்டும் பாருங்கள். நாம் அனுப்பியதை மறுபடி படித்தால் அப்போது இருந்த நம் உற்சாகமும் கூடவே வந்துவிடும். பிறகு இரண்டு பேர் சேர்ந்து பேசியதாகத் தோன்றுவதில் பாதி நாமே பேசியதாக இருக்கும்.

படிக்கும்போது சிலவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பொங்கல் வாழ்த்து, ஃபார்வர்டு, போட்டோ கேட்டது, கூகுள் மேப் லொக்கேஷன், யாருக்கோ ரத்தம் வேண்டும் என்ற செய்தி எல்லாம் காரியத்துக்காக வந்தவை. எண் இருக்கும் யாருக்கும் அனுப்பியிருப்பார். மிச்சம் இருப்பது எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு வாரப் பேச்சு என்று நினைத்தது இரண்டு நாள் பேச்சாகச் சுருங்கினால், இன்னும் படிப்பதற்கு ஒன்றும் சேரவில்லை என்று அர்த்தம். சும்மா பேசிக்கொண்டிருங்கள்.

பதிலின் நீளம்

புதியவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான், தவறாகப் படிப்பதும் இதைத்தான். நீளமான பதில் வந்தால் பிடித்திருக்கிறது, “ம்ம்” வந்தால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலர் தங்கையிடமே ஒற்றைச் சொல்லில்தான் பேசுவார்கள். சிலர் கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடமும் பத்தி பத்தியாக எழுதுவார்கள். அதனால் அவருடைய நீளத்தை உங்கள் நீளத்தோடு ஒப்பிடுவதைவிட, அவருடைய பழைய நீளத்தோடு ஒப்பிடுங்கள். முதல் மூன்று நாள் எப்படி எழுதினார், இப்போது எப்படி எழுதுகிறார்? கூடியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, தேய்கிறதா? இந்தப் போக்குதான் செய்தி.

நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பகலில் வேலையில் இருப்பவர், ஹாஸ்டலில் நான்கு பேரோடு அறையில் இருப்பவர், ஹாலில் அம்மா பக்கத்தில் போனை வைத்திருப்பவர் எல்லோருக்கும் சுருக்கமாக எழுதக் காரணம் உண்டு. பல வீடுகளில் போன் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதாக இருப்பதில்லை. அவர் நிம்மதியாக இருக்கும் நேரம் எது என்று கண்டுபிடித்து, அந்த நேரத்துப் பதில்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

நீளத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்பது அடுத்தது. நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லி முடித்த பிறகு, கேட்காத ஒன்றை அவர் சேர்க்கிறாரா? “ஆபீஸ் முடிஞ்சுதா?” என்று கேட்டதற்கு “முடிஞ்சுது” என்பது பதில். “முடிஞ்சுது, ஆனா லிஃப்ட் வேலை செய்யல, ஏழு மாடி இறங்கிக் கால் வலிக்குது” என்பது பதிலோடு ஒரு கொக்கியும் சேர்ந்தது. அதைப் பிடித்து நீங்கள் மேலே பேச வேண்டும் என்று தெரிந்தோ தெரியாமலோ விட்டுவைத்திருக்கிறார். பதினைந்து சொல் பதிலில் கொக்கி இல்லாமல் இருக்கலாம், ஐந்து சொல்லில் இருக்கலாம். வாய்ஸ் நோட்டுக்கும் இதே கணக்குதான்.

நீளமே ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் உங்களுக்கு நீள நீளமாக எழுதுகிறார். மேனேஜர் படுத்தும் பாடு, பழைய காதல், வீட்டில் வரன் பார்க்கும் தொல்லை என்று ஒன்று விடாமல் வருகிறது. நடுநடுவே “நீங்க கேக்குறதுனால மனசு லேசாகுது ❤️” என்றும் வருகிறது. உங்கள் நாள் எப்படிப் போனது என்று மட்டும் ஒருமுறையும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்க ஒரு காது தேவைப்படுகிறது, அது உங்களிடம் கிடைத்திருக்கிறது. அதில் தவறில்லை, நல்ல நட்பாகவே இருக்கலாம். ஆனால் அந்த நீளத்தைக் காதலாகக் கணக்கெழுதியவர்கள்தான் பிறகு “அவங்களே நடு ராத்திரி வரைக்கும் பேசிட்டு இப்ப இல்லைங்கறாங்க” என்று புலம்புகிறார்கள்.

கேள்விகள்: இங்கேதான் நேரம் செலவிடுங்கள்

பதிலின் நீளம், கேள்விகள், எமோஜி என்ற மூன்று அடையாளங்களில் எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது இதன்மேல். காரணம் எளிது. பதில் சொல்வது மரியாதைக்கு நடக்கும், எமோஜி பழக்கத்துக்கு விழும். கேள்வி கேட்பதற்குக் கொஞ்சம் முயற்சி வேண்டும். எதிரில் இருப்பவர் சொன்னது மனதில் நின்றிருக்க வேண்டும்.

2017இல் கேரன் ஹுவாங், ஆலிசன் வுட் புரூக்ஸ் முதலானோர் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பக்கபலம். அறிமுகமில்லாதவர்கள் சில நிமிடங்கள் பேசும் ‘ஸ்பீடு டேட்டிங்’ உரையாடல்களையும் அதில் எடுத்துப் பார்த்தார்கள். சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டவர்களை எதிரில் இருந்தவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது, மறுபடி சந்திக்கச் சம்மதமும் அவர்களுக்கே கூடுதலாகக் கிடைத்தது. கேட்பவரை மற்றவருக்குப் பிடிக்கிறது என்பதுதான் அந்த ஆய்வு சொல்வது. கேட்பவருக்கு நிச்சயம் ஆசை இருக்கிறது என்று அது சொல்லவில்லை. மேலும் அங்கே வந்தவர்கள் எல்லோரும் துணை தேடி வந்தவர்கள், உங்கள் அரட்டை அப்படியல்ல. ஆனால் எந்தக் கேள்விக்கு எடை அதிகம் என்பதற்கு அது நல்ல துப்பு.

கேள்விகளை எண்ணும்போது எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் போடாதீர்கள். “சாப்டீங்களா?” நம் ஊரில் கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி. “அப்புறம்?”, “வேற என்ன?” என்பவை பேச்சு வற்றும்போது வருபவை, பல சமயம் முடித்துக்கொள்ளலாமா என்பதற்கான நாகரிகமான முன்னறிவிப்பு. இவற்றுக்குப் பூஜ்யம்.

நீங்கள் கேட்டதையே திருப்பிக் கேட்பது அடுத்த ரகம். “எனக்கு மழை பிடிக்கும், உங்களுக்கு?” என்பது போல. இதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு, பந்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அதற்கு மேலே, நீங்கள் சொன்னதற்குள் நுழைந்து கேட்பது. “நீச்சல் கத்துக்கறேன்” என்று நீங்கள் சொன்னால் “சூப்பர்” என்று நிற்காமல் “இந்த வயசுலயா? பயமா இல்லையா?” என்று கேட்பது. உங்களைக் கிண்டல் செய்தாலும் பரவாயில்லை, உள்ளே வந்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது நினைவிலிருந்து வரும் கேள்வி. நீங்கள் நான்கு நாளுக்கு முன் போகிற போக்கில் சொன்னதை, நீங்கள் எடுக்காமலேயே, அவராக எடுத்துக் கேட்பது. இப்படி ஒன்று வந்தால் அரட்டையில் நட்சத்திரம் போட்டு வையுங்கள். ஒன்று மட்டும் வந்தால் அக்கறையுள்ள மனிதர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு விஷயங்களில் இரண்டு மூன்று வந்தால் உங்களைப் பற்றி யோசிக்கிறார் என்று துணிந்து நினைக்கலாம்.

ஒரு சிக்கல். எப்போதும் நீங்களே கேள்வி கேட்டு மெசேஜை முடிக்கிறவராக இருந்தால், அவர் கேட்க இடமே இருந்திருக்காது. பேட்டி எடுப்பது போலப் பேசுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அதனால் சில நாள் உங்கள் பேச்சைக் கேள்வியில் முடிக்காதீர்கள். உங்களைப் பற்றி ஒரு சின்ன விஷயம் சொல்லி நிறுத்துங்கள். அவர் எடுத்துக் கேட்கிறாரா, லைக் போட்டு விட்டுவிடுகிறாரா என்பது தெரிந்துவிடும். வேண்டுமென்றே பதிலைத் தாமதப்படுத்துவது, ப்ளூ டிக்கை அணைத்து வைத்து ஆட்டம் காட்டுவது எல்லாம் வேண்டாம். அதில் தெரியவருவது அவருடைய பொறுமையின் அளவு மட்டுமே.

எமோஜி

மூன்றில் பலவீனமான சாட்சி இது. எமோஜி அதிகம் பயன்படுத்துகிறவர்கள் முதல் சந்திப்புக்கு அதிகம் போகிறார்கள் என்று அமெரிக்காவில் 2019இல் ஓர் ஆய்வு வந்தது. அது மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதை வைத்துச் செய்தது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் இழுக்க முடியாது. ஒரே எமோஜியை வெவ்வேறு போன்களில் பார்க்கிறவர்கள் அதற்கு வெவ்வேறு உணர்ச்சியைக் கற்பிக்கிறார்கள் என்று 2016இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வயதும் சேர்ந்துகொள்ளும்: நாற்பது தாண்டியவர் அனுப்பும் 🙂 நிஜமான புன்னகை, இருபத்து மூன்று வயதுக்காரர் அனுப்பினால் எரிச்சலாகவும் இருக்கலாம்.

அதனால் எந்த எமோஜி என்று பார்க்காமல் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, எல்லோருக்கும் அனுப்புவதா? பொதுவான குரூப் ஒன்றில் இருவரும் இருந்தால் அங்கே பாருங்கள். குழந்தை போட்டோ, பிரியாணி, பெரியப்பாவின் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் ❤️ போடுகிறவரின் இதயத்துக்கு உங்கள் அரட்டையில் தனி விலை கிடையாது. இரண்டு, எமோஜி பேச்சோடு சேர்ந்து வருகிறதா, பேச்சுக்குப் பதிலாக வருகிறதா? உங்கள் மெசேஜின் மேல் 👍 அல்லது 😂 ரியாக்‌ஷன் போட்டு அதோடு அடங்கினால், பெரும்பாலும் “பார்த்துவிட்டேன், இங்கே முடித்துக்கொள்வோம்” என்றுதான். முன்பு வாக்கியம் வந்த இடத்தில் இப்போது ரியாக்‌ஷன் மட்டும் வரத் தொடங்கியிருந்தால் அதைக் கவனியுங்கள்.

இந்த மூன்றுக்கும் வெளியே ஒன்று: “ப்ரோ”, “அண்ணா” என்ற விளி புதிதாக நுழைந்தால், மற்ற எல்லா அடையாளங்களையும் அது வென்றுவிடும். அவர் கோடு போட்டுக் காட்டிவிட்டார்.

ஒரு உரையாடலை வைத்துப் பார்ப்போம்

கற்பனையாக ஒன்று. அவன் பெருங்குடியில் ஐடி வேலை, வயது இருபத்தொன்பது. அவள் வேளச்சேரியில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட், இரவு எட்டு வரை வேலை. முதல் வாரத்தில் பகல் நேரப் பேச்சு இப்படி இருக்கிறது:

அவன்: லஞ்ச் முடிஞ்சுதா? இன்னைக்கு எங்க கேன்டீன்ல வத்தக்குழம்பு, செம
அவள்: ம்ம்
அவள்: பேஷண்ட் இருக்காங்க, அப்புறம் வரேன்

இதை மட்டும் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும். ஆனால் “அப்புறம் வரேன்” என்று சொன்ன நாட்களில் ஒன்பது மணிக்கு மேல் அவளாகவே வருகிறாள். “இப்பதான் வீட்டுக்கு வந்தேன். வத்தக்குழம்புக்கு அப்பளமா, சிப்ஸா?” சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள், விட்ட இடத்திலிருந்து எடுக்கிறாள். அவளுடைய நிம்மதி நேரம் ஒன்பதுக்கு மேல் என்று தெரிகிறது. இனி அந்த நேரத்தை மட்டும் படிக்க வேண்டும்.

இரண்டாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை:

அவள்: அம்மாவுக்குக் கண் கட்டு பிரிச்சாச்சா? இன்னைக்குத்தானே?
அவன்: ஆமா, காலையில பிரிச்சாங்க. நல்லா தெரியுதாம். என் தாடியைப் பார்த்துட்டு முதல் திட்டு
அவள்: 😂 சொட்டு மருந்து நேரத்துக்கு விடச் சொல்லுங்க

அம்மாவின் கண்புரை ஆபரேஷனை அவன் அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு வரியில் சொல்லியிருந்தான். நினைவிலிருந்து வந்த கேள்விதான், ஆனால் அவன் இங்கேயே துள்ளிக் குதிக்கக் கூடாது. அவள் மருத்துவத் துறையில் இருப்பவள். ஆபரேஷன் ஆனவர்களை விசாரிப்பது அவளுக்குத் தொழிலோடு வந்த பழக்கம். அரை மதிப்பெண். ஞாயிற்றுக்கிழமை வருவது வேறு:

அவள்: சரி, தண்ணிக்குள்ள மூச்சு விடக் கத்துக்கிட்டீங்களா இல்லையா?
அவன்: பாதி குளத்தை நானே குடிச்சிட்டேன்
அவள்: ஹா ஹா. எனக்கும் ரொம்ப நாளா ஆசை, தனியா போகத்தான் கூச்சம். லேடீஸ் டைமிங் இருக்கா அங்க?

நீச்சல் பற்றி அவன் ஒரு வாரத்துக்கு முன் சொன்னது. இதற்கும் அவள் தொழிலுக்கும் சம்பந்தம் இல்லை. அவளாகத் தொடங்குகிறாள், கிண்டல் செய்கிறாள், கேட்காமலே தன் ஆசையையும் கூச்சத்தையும் சொல்கிறாள், மறுபடி கேட்கிறாள். எமோஜி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். போன வாரத்தைவிட இரவுப் பதில்கள் நீண்டிருக்கின்றன, கேள்விகள் உள்ளே வந்திருக்கின்றன, பேச்சைத் தொடங்குவது ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆகியிருக்கிறது. இது போதும். காதல் உறுதி என்பதற்கு இது போதாது. ஒரு காபிக்குக் கேட்கலாம் என்பதற்குப் போதும்.

கேட்பதற்கு முன் அவன் ஒருமுறை யோசிக்க வேண்டியது உண்டு. ஆண்கள் ஒரு பெண்ணின் சாதாரணச் சிநேகத்தை ஈர்ப்பாகக் கூட்டிப் படிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் ஆண்டோனியா அபி 1982இலேயே ஆய்வில் காட்டினார். அதனால் இந்த உரையாடலைத் தன் அக்காவோ தோழியோ படித்தால் என்ன சொல்வார் என்று எண்ணிப் பார்க்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டாம், அவள் எழுதியது அவளுடையது.

கேட்கும் முறை

ஒரே ஒரு படி. பேச்சிலிருந்து ஒரு காபி, அவ்வளவுதான். இரவில் “தூக்கம் வரல, உங்க ஞாபகம்” என்று ஆழம் பார்ப்பது, தோற்றத்தைப் பற்றி வர்ணனை, இரட்டை அர்த்த ஜோக் போட்டுப் பிடிக்கவில்லையென்றால் “சும்மா சொன்னேன்” என்பது, இவை எல்லாம் அவரைச் சங்கடத்தில் தள்ளும். கேள்வி நேராக இருக்கட்டும். நாள், நேரம், இடம், இருவர் மட்டும் என்பது, மறுக்க எளிதான வழி, இவ்வளவும் ஒரே மெசேஜில் அடங்கும்:

“உங்ககூடப் பேசறது எனக்குப் பிடிச்சிருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு பெசன்ட் நகர்ல ஒரு காபி குடிக்கலாமா, நாம ரெண்டு பேர் மட்டும்? வேண்டாம்னு தோணினா தயங்காம சொல்லுங்க, ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்.”

“பிரெண்ட்ஸ் எல்லாம் வராங்க” என்று பொய் சொல்லி வரவழைக்காதீர்கள். “ரெண்டு பேர் மட்டும்” என்பதைத் தெரிந்துகொண்டு சொல்லும் சம்மதம்தான் சம்மதம். அவருக்கு நிம்மதியான நேரத்தில் அனுப்புங்கள், பேஷண்டுக்கு நடுவில் அல்ல. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வையுங்கள். பதில் வரும் முன் இரண்டாவது மெசேஜ் போடக் கூடாது.

பதிலைப் படிப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. “இந்தச் சனி கிளினிக் இருக்கு, ஞாயிறு ஓகேவா?” என்று மாற்று நாள் வந்தால் அது சம்மதம். “வேலை இருக்கு”, “பார்க்கலாம்”, “சொல்றேன்” என்று வந்து அதற்குப் பின் நாள் எதுவும் வராவிட்டால், அது மறுப்பு. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நம் பழக்கம் விடுவதில்லை, பல பெண்களுக்கு அப்படிச் சொல்லப் பயமும் உண்டு. “பார்க்கலாம்னுதானே சொன்னாங்க” என்று அடுத்த வாரம் மறுபடி கேட்காதீர்கள். அவருக்கு ஆசை வந்தால் உங்கள் எண் அவரிடம் இருக்கிறது. எமோஜி மட்டும் வந்தாலும், எதுவுமே வராவிட்டாலும் இதே கணக்குதான்.

மறுப்பு வந்தால் எழுத வேண்டியது ஒரு வரி: “புரியுது, சொன்னதுக்கு நன்றி.” காரணம் கேட்க வேண்டாம். பொது நண்பர்களிடம் தூது அனுப்ப வேண்டாம். கடைசியாக ஆன்லைனில் எப்போது இருந்தார், உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்தாரா என்று துப்பறிய வேண்டாம். ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வதும், அவர் இணையத்தில் என்ன செய்கிறார் என்று கண்காணிப்பதும் இந்தியாவில் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில், முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம்.

சம்மதம் வந்தால், அது ஒரு காபிக்கான சம்மதம். பைக்கில் கொண்டுவிடுவது, கையைப் பிடிப்பது, இரவில் வீடியோ கால் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்வி. நேரில் பார்த்த அன்று இரவு, முதல் மெசேஜை நீங்களே போடலாம்: “பத்திரமா போய்ச் சேர்ந்தீங்களா? இன்னைக்கு நல்லா இருந்துச்சு.” அதில் கேள்விக்கு “ம்ம், வந்துட்டேன்” என்று மட்டும் பதில் வருகிறதா, இரண்டாவது வரிக்கும் ஏதாவது வருகிறதா என்று பாருங்கள்.